திருத்தமும் திரும்பப் பெறுதலும்

பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டிய ஆய்வுக்கட்டுரை பிடிபடுமாயின், குறை சில வரிகளோடு நிற்குமிடத்து ஆய்விதழார் திருத்தமோ வருத்தக் குறிப்போ வெளியிடுவர். கட்டுரையின் உள்ளீடே களவு எனின் அதனைத் திரும்பப் பெறுவர். இவ்வேறுபாடு ஆய்வாளரின் பிற்கால வாழ்வை எங்ஙனம் பிரிக்கிறது என்பதற்கு நம் நாட்டிலேயே இரு சான்றுகள் உள.

குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ். ராஜ்புத் 2002இல் தம் மாணவருடன் வெளியிட்ட இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு பேராசிரியை ரெனாட்டா காலோஷ் 1996இல் எழுதியதன் படியெனத் தெரியவந்தது. ஸ்டான்ஃபோர்டு இயற்பியலார் எழுவர் நம் குடியரசுத் தலைவருக்கே முறையிட்டனர். விசாரணைக் குழு குற்றத்தை உறுதிசெய்தது. 2003இல் அவர் பதவி துறந்தார்.

2011இல் வேதியியலறிஞர் சி.என்.ஆர். ராவ் பெயரும் தாங்கிய கட்டுரையொன்றின் முன்னுரையில், வேறொரு கட்டுரையின் தொடர்கள் சில அப்படியே காணப்பட்டன. ஆய்வு முடிவுகளோ சொந்தமானவை. ஆசிரியர்கள் வருத்தம் தெரிவித்தனர். கட்டுரை திரும்பப் பெறப்படவில்லை. 2013இல் ராவுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

அத்தொடர்களை எழுதியவர் ஆய்வு மாணவர் என்று கூறப்பட்டது. நெறியாளரைத் தாங்கி நிற்க நெடுங்காலப் பணி இருந்தது. தொடக்கநிலை மாணவருக்கு அத்தகைய துணை ஏது? அவருடைய கட்டுரைப் பட்டியலே இரண்டு மூன்றுதான். அதிலொன்றில் இக்குறிப்பு ஒட்டிக்கொண்டால், நேர்காணலில் அதனையே முதலில் வினவுவர்.