மூக்கோரம் உரிகிறதா? எண்ணெய் தடவும் முன் ஒரு நிமிடம்

பெங்களூரில் டிசம்பர் பிறந்துவிட்டால் உதடு வெடிக்கும், கன்னம் இழுக்கும். சிலருக்கு மூக்கின் இரண்டு ஓரமும் புருவமும் மட்டும் செதில் செதிலாக உரியும். எல்லாம் பனிதான் என்று தேங்காய் எண்ணெயை எடுக்கிறோம். பாதிப் பேருக்கு அது சரி, மீதிப் பேருக்கு அதுதான் வினை. எது எது என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம், தோழிகளே.

1. முதலில் உரியும் இடத்தைப் பாருங்கள். சாதாரண வறட்சி கன்னம், முன்கை, முழங்காலுக்குக் கீழே என்று பரவலாக வரும். மூக்கு மடிப்பு, புருவம், இரண்டு புருவத்துக்கும் நடு, காதுக்குப் பின்பக்கம் என்று எண்ணெய்ப் பசை அதிகமுள்ள இடங்களாகப் பார்த்து உரிந்தால், அது அநேகமாக டாக்டர்கள் 'செபோரிக் டெர்மடைட்டிஸ்' என்று சொல்வது. தலையில் வரும் பொடுகும் இதே குடும்பம்தான்.

2. அடுத்து செதிலைப் பாருங்கள். வறட்சியில் அது மெல்லிசாக, வெள்ளையாக, பொடியாக உதிரும், முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கும். மற்றதில் செதில் சற்று மஞ்சளாக, பிசுபிசுப்பாக ஒட்டியிருக்கும். அடியில் தோல் சிவந்தோ, நம் மாநிறத்தில் கருஞ்சிவப்பாகவோ தெரியும், அரிப்பும் இருக்கும்.

3. இன்னும் சந்தேகமா? ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகம் கழுவி, ஈரம் காயும் முன் வாசனையில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரைக் காலையும் இரவும் தடவுங்கள், வேறு எதுவும் வேண்டாம். வறட்சி என்றால் நாலைந்து நாளில் அடங்கிவிடும். பூசிய சில மணி நேரம் மறைந்து, மறுநாளே அதே இடத்தில் செதில் கட்டினால் அது வறட்சி இல்லை.

4. எண்ணெய் ஏன் ஆகாது என்று தெரிந்துகொண்டால் கை தானாக நின்றுவிடும். நம் எல்லார் தோலிலும் 'மெலசீசியா' என்ற பூஞ்சை குடியிருக்கிறது. தோலில் சுரக்கும் எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. அதைத் தின்று அது விட்டுவைக்கும் கொழுப்பு அமிலம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் எரிச்சலாகி உரிகிறது. பரிசோதனைக் கூடத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்கவே ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். அப்படியிருக்க மூக்கோரத்தில் நாமே தேங்காய் எண்ணெய், ஆலிவ் எண்ணெய், பாதாம் எண்ணெய் தேய்ப்பது அதற்கு விருந்து வைப்பதுதான். கை கால் வறட்சிக்குத் தேங்காய் எண்ணெய் நல்லதே, அதை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

5. அப்படியானால் மூக்கோரத்துக்கு என்ன பூசுவது? கிளிசரின் சேர்ந்த லேசான மாய்ஸ்சரைசர் போதும். சுத்தமான பெட்ரோலியம் ஜெல்லியை இந்தப் பூஞ்சையால் சாப்பிட முடியாது என்பதால், இழுக்கும் இடத்தில் அதைத் துளி தொட்டு வைக்கலாம். விலையும் குறைவு.

6. ஒரு பாட்டிலில் இரண்டு வேலை முடிக்கலாம். பொடுகுக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூவைத் தலையில் தேய்த்து ஐந்து நிமிடம் ஊறவிடும்போது, அந்த நுரையையே விரலில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு புருவத்திலும் மூக்கோரத்திலும் பூசுங்கள். இரண்டு மூன்று நிமிடம் விட்டு நன்றாகக் கழுவுங்கள். வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

7. டாக்டர் கீட்டோகோனசோல் கிரீம் எழுதியிருந்தால், பயறளவு எடுத்தால் மூக்கின் இரண்டு ஓரத்துக்கும் போதும். முதலில் மருந்து, கால் மணி நேரம் கழித்து மாய்ஸ்சரைசர். நாலு நாளில் செதில் போனதும் நிறுத்திவிடாதீர்கள், சொன்ன நாள் வரை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம், பூசி முடியுங்கள்.

8. எங்கள் உறவில் ஒரு பையன், வைட்ஃபீல்டில் வேலை, இரவு ஷிஃப்ட். மூக்கோரம் உரிகிறது என்று அம்மா சொன்னபடி தினமும் தேங்காய் எண்ணெய், அதன்மேல் உரிப்பதற்கு ஸ்கரப். சிவப்பு புருவத்துக்கும் தாடிக்கும் ஏறியது. தோல் டாக்டர் தலைமுடியைப் பிரித்துப் பார்த்து, "பொடுகும் இதுவும் ஒன்றேதான்ப்பா" என்றார். எண்ணெயையும் ஸ்கரப்பையும் நிறுத்தினான், தாடியை ஒட்ட வெட்டினான், தாடி வேர் வரை ஷாம்பூ நுரை போட்டான், கிரீமும் பூசினான். முதல் வாரம் அரிப்பு நின்றது, மாதத்துக்குள் முகம் தெளிந்தது. ஆபீஸில் ராத்திரி பகலாக உழைக்க வேண்டியிருந்த ஒரு சமயம் மறுபடி எட்டிப் பார்த்தது. தூக்கம் கெட்டாலும் மன அழுத்தம் கூடினாலும் இது திரும்பும்.

9. திரும்பி வருவது இதன் குணம், மருந்து தோற்றது என்று அர்த்தமில்லை. அடங்கிய பிறகும் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை அதே ஷாம்பூ நுரையைப் போட்டு வந்தால் பனிக்காலம் சிரமமில்லாமல் போகும். நவம்பர் கடைசியிலேயே ஆரம்பித்துவிடுங்கள்.

10. செதிலை நகத்தால் கிள்ளாதீர்கள். கடலை மாவு, எலுமிச்சை, வினிகர், ஸ்கரப் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம், ஏற்கெனவே புண்பட்ட தோல் அது. புருவம் சிவந்திருக்கும் வாரத்தில் பார்லரில் த்ரெட்டிங்கைத் தள்ளிப் போடுங்கள்.

11. போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் வரும் வீடுகளில் சோப்பு சரியாகப் போகாமல் தோலில் தங்கி இழுக்கும். முகத்துக்கு சோப்பைக் குறைத்து, மென்மையான ஃபேஸ் வாஷ் ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். கொதிக்கக் கொதிக்க கீசர் தண்ணீரை முகத்தில் ஊற்ற வேண்டாம்.

12. செதில் போன இடம் கொஞ்ச நாள் வெளுத்துத் தெரிந்தால் பயப்படாதீர்கள். குழந்தை முகத்தில் இப்படி வெளுத்தால் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுக்கவும் வேண்டாம். அழற்சி அடங்கியபின் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், நிறம் திரும்பும். இது ஒட்டுவாரொட்டியும் இல்லை.

13. மிக முக்கியமாக, "ரெண்டே நாளில் போயிடும்" என்று கடைக்காரர் நீட்டும் கலப்பு ட்யூபை வாங்காதீர்கள். பெட்டியில் குளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டு நாளில் உண்மையாகவே மறையும், நிறுத்தினால் முன்னைவிடச் சிவக்கும். மாதக்கணக்கில் போட்டால் முகத்தோல் மெலிந்து நரம்பு தெரியும், பருவும் முடியும் கிளம்பும். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. டாக்டரே லேசானதைச் சில நாளுக்கு எழுதினால் அது வேறு விஷயம்.

14. நான்கு வாரத்தில் குறையவில்லை, நீர் வடிகிறது, கண் இமை வீங்குகிறது, வட்ட வட்டமாக ஓரம் தடிக்கிறது, முழங்கையிலும் வெள்ளித் தகடு மாதிரி உரிகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு, தோல் டாக்டரைப் பாருங்கள். சிவாஜிநகர் பௌரிங், சிட்டி மார்க்கெட் பக்கம் விக்டோரியா, இரண்டுமே அரசு மருத்துவமனைகள், இரண்டிலும் தோல் பிரிவு உண்டு. போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், டாக்டருக்கு பாதி வேலை மிச்சமாகும்.