டீலர் வேலைக்கு ரெஸ்யூமே: டர்ன்ஓவரைப் பிரித்து எழுதுங்கள்

“தினமும் 50 கோடி டர்ன்ஓவர்” என்று மொட்டையாக எழுதினால் நேர்காணலில் முதல் கேள்வியே அதில்தான் விழும். 24,000 ஸ்ட்ரைக், லாட்டுக்கு 75, பிரீமியம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லாட்டின் நோஷனல் மதிப்பு 18 லட்சம். கைமாறும் பிரீமியமோ 7,500 ரூபாய்தான். அதனால் கேஷ், ஆப்ஷன் பிரீமியம் இரண்டையும் தனித்தனியாகக் காட்டி, பக்கத்திலேயே மாத புரோக்கரேஜ் வருவாயையும் போடுங்கள்.

வாடிக்கையாளர் பெயர்கள் வேண்டாம். அவற்றை வெளியிடுபவரின் ‘சுத்தமான கம்ப்ளையன்ஸ்’ வரியை யார் நம்புவார்? மொத்தக் கணக்குகள், அதில் கடந்த மாதம் டிரேட் செய்தவை எத்தனை என்பது போதும்.

என்ஐஎஸ்எம் சீரிஸ் 8 சான்றிதழ் 3 ஆண்டுக்கே செல்லும். காலாவதி தேதியையும் எழுதுங்கள். “புகார் இல்லை” என்பதைவிட, “ஆர்டர்கள் அனைத்தும் பதிவான லைனில்” என்பது, உண்மையாக இருந்தால், கனமான வரி.