சாயமேற்றாத உயிர்ச்செல்லைக் காணுதல்: மூன்று நுண்ணோக்கிகளும் அவற்றைக் கையாளும் வரிசையும்

உயிருள்ள செல்லின் பெரும்பகுதி நீராக இருப்பதாலும், பெரும்பாலான செல்களில் நிறப்பொருள் ஏதும் இல்லாததாலும், அதனூடே செல்லும் ஒளி ஏறத்தாழக் குறையாமலே வெளியேறிவிடுகிறது. எனவே சாதாரண ஒளி நுண்ணோக்கியில் மங்கலான விளிம்புக்கு மேல் அதிகம் தெரிவதில்லை. சாயம் இந்தக் குறையைப் போக்கும் என்றாலும், வழக்கமான சாயமேற்றும் முறைகளில் பல செல்லைக் கொன்று பதப்படுத்திய பிறகே தொடங்குவதால், செல்லின் ஓட்டத்தையும் பிரிதலையும் காண விரும்புவோருக்கு அவை உதவுவதில்லை. சாயமின்றிக் காண்பதற்குக் கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி, உடனொளிர் நுண்ணோக்கி, கான்ஃபோகல் நுண்ணோக்கி ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்த்தே பேசப்படுகின்றன. ஆனால் அவை செய்யும் வேலை வேறு வேறு. முதலாவது, செல்லின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள நீரினின்று வேறுபடுவதைப் பயன்படுத்திப் படிமத்தில் கருமை வெண்மையை உண்டாக்குகிறது. இரண்டாவது, செல்லுக்குள் தானே ஒளிரும் பொருள் இருந்தால் அதைக் காட்டுகிறது. மூன்றாவது, தானாக எந்த வேறுபாட்டையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் ஒளிர்வில் ஒரு குறிப்பிட்ட ஆழத்திலிருந்து வருவதை மட்டும் பிரித்தெடுக்கிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால், எந்தக் கருவியை எப்போது நாடுவது என்னும் வரிசை தானாகவே அமைந்துவிடும்.

மூன்றையும் ஒரே பொருளின் மேல் ஒப்பிடுவதற்குக் குளங்களில் வளரும் ஹைட்ரில்லா செடியின் இலை மிகப் பொருத்தமானது. அவ்விலை இரண்டே செல் அடுக்குகளின் தடிப்புடையது. அதன் பசுங்கணிகங்கள் சைட்டோபிளாசத்தோடு சேர்ந்து செல்லைச் சுற்றி ஓடுவதால், செல் உயிரோடும் நலத்தோடும் இருக்கிறதா என்பதை அந்த ஓட்டமே அறிவித்துவிடுகிறது. தண்டின் நுனிக்கு அருகிலுள்ள இளம் இலை ஒன்றைக் கிள்ளி, அது வளர்ந்த நீரின் துளியிலேயே ஸ்லைடின் மேல் கிடத்தி, 0.17 மில்லிமீட்டர் தடிப்புள்ள கவர் ஸ்லிப்பால் மூடி, நீர் வற்றாதிருக்க ஓரங்களில் வாசலின் தடவ வேண்டும். பெரும்பாலான உயர்திறன் பொருளருகு வில்லைகள் அந்தத் தடிப்புக்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டவை என்பதால், கவர் ஸ்லிப்பின் தடிப்பில் அலட்சியம் காட்டினால் பிறகு எந்தக் கருவியாலும் படிமத்தைச் சீராக்க முடியாது. சில நிமிடங்கள் மிதமான ஒளியில் காத்திருந்தால் பசுங்கணிகங்களின் ஓட்டம் தொடங்கும்.

முதலில் கையாள வேண்டியது கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கி. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பணியாற்றிய ஃப்ரிட்ஸ் செர்னிக்கே 1930களில் உருவாக்கிய இம்முறைக்காக 1953இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, செல்லினுடையது சுமார் 1.36 என்று கொண்டால், 5 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள செல்லைக் கடக்கும் ஒளி, அருகே நீரை மட்டும் கடக்கும் ஒளியைவிட ஏறத்தாழ 150 நானோமீட்டர் பின்தங்குகிறது. பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் ஆதலால் இது அலைநீளத்தில் கால் பங்குக்குச் சற்று மேல். அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதையே கட்டம் என்கிறோம். கட்டத்தில் ஏற்படும் இந்தப் பின்னடைவைக் கண்ணால் உணர முடியாது. மெல்லிய செல்லில் பட்டுச் சிதறும் ஒளி, சிதறாமல் நேரே வரும் ஒளியிலிருந்து கால் அலைநீளம் பின்தங்கியே இருக்கும் என்பதைக் கண்ட செர்னிக்கே, நேரொளியை மட்டும் இன்னுமொரு கால் அலைநீளம் முன்தள்ளி, அதன் வலிமையையும் குறைத்தார். அவ்வாறு இரண்டுக்கும் இடையே அரை அலைநீள வேறுபாடு உண்டாகி அவை ஒன்றையொன்று தணிப்பதால், செல் பின்னணியைவிடக் கருமையாகத் தெரிகிறது. நேரொளியைத் தனியே பிரிப்பதற்காக ஒளிகுவிப்பியில் ஒரு வளையத் துளையும், பொருளருகு வில்லைக்குள் அதற்கு நிகரான ஒரு கட்டத் தகடும் வைக்கப்பட்டுள்ளன.

அந்த இரண்டு வளையங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாவிட்டால் முறை முழுவதும் வீணாகும் என்பதால், ஒழுங்குபடுத்தும் வேலையை விரைந்து முடிக்கக் கூடாது. வாயின் உட்கன்னத்தைப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்த செல்களை 0.9 விழுக்காடு உப்புக் கரைசலில் பரப்பி, அவற்றைக் கொண்டு கருவியைச் சரிசெய்வது எளிது. அச்செல்களில் பெரும்பாலானவை உதிரும் நிலையில் உயிரிழந்தவையாதலால் அவை கருவியைச் சோதிக்க மட்டுமே பயன்படும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் செல்லைக் குவியத்திற்குக் கொண்டுவந்து, விளக்கின் முன்னுள்ள ஐரிஸ் திரையைச் சுருக்கி, அதன் விளிம்பு கூர்மையாகத் தெரியும் வரை ஒளிகுவிப்பியை ஏற்றி இறக்கி, நடுவில் அமைத்தபின் திரையைத் திறக்க வேண்டும். அடுத்து, பொருளருகு வில்லையில் பொறித்துள்ள கட்டக் குறியும் ஒளிகுவிப்பியில் தேர்ந்த வளையத்தின் குறியும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்பு கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மையப்படுத்தும் தொலைநோக்கியைப் பொருத்தி நோக்கினால், ஒளிரும் வளையம் ஒன்றும் கரிய வளையம் ஒன்றும் தெரியும். திருகுகளைத் திருப்பி, ஒளிவளையம் முழுவதும் கருவளையத்துக்குள் அடங்கும்படி செய்ய வேண்டும். பிறை வடிவில் சிறிதளவு ஒளி வெளியே கசிந்தாலும் படிமம் வெளிறி, செல்லின் ஒரு பக்கம் மட்டும் நிழல் விழுந்ததுபோல் ஆகும். சரியாக அமைந்தபின் உட்கருவோடு, செல்லின் மேல் ஒட்டியுள்ள கோல் வடிவ பாக்டீரியாக்களும் தெளிவாகத் தெரியும்.

இப்போது ஹைட்ரில்லா இலையை வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். செல் சுவர்களைச் சுற்றி அகன்ற வெண்ணிற ஒளிவட்டங்கள் எழும்; கீழடுக்கின் உருவம் மேலடுக்கின் மீது கலங்கலாகப் படியும். சிதறிய ஒளியிலும் ஒரு பகுதி கட்டத் தகட்டின் வளையத்தைக் கடந்துவிடுவதால் ஒளிவட்டம் தோன்றுகிறது. எனவே அதைச் செல்லைச் சூழ்ந்த உறையென்று எழுதிவிடுவது பிழை. பின்னடைவு சிறிதாக இருக்கும்போது மட்டுமே கருமைக்கும் தடிப்புக்கும் நேரான உறவு உண்டு என்பதால், தடித்த பொருளில் இம்முறையின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது. மாறாக, வளர்ப்புத் தட்டில் ஒற்றை அடுக்காகப் படர்ந்த விலங்குச் செல்களுக்கு இதைவிட உகந்த முறை இல்லை: மங்கலான ஒளியே போதுமாதலால், ஒரு செல் பிரிந்து இரண்டாவதை மணிக்கணக்கில் தொடர்ந்து படமெடுத்தாலும் அதற்குக் கேடு மிகக் குறைவு.

இரண்டாம் படியான உடனொளிர்வுக்குச் செல்லும்முன், செல்லுக்குள் ஒளிரக்கூடிய பொருள் உண்டா என்று கேட்டாக வேண்டும். ஒரு பொருள் குறுகிய அலைநீள ஒளியை ஏற்று, உடனே அதைவிட நீண்ட அலைநீளத்தில் ஒளியை வெளியிடுவதே உடனொளிர்வு. பச்சையம் நீல ஒளியை ஏற்று 680 நானோமீட்டரை ஒட்டிய அடர்சிவப்பில் ஒளிர்வதால், ஹைட்ரில்லாவுக்குச் சாயமே தேவையில்லை. நீல ஒளியைத் தரும் வடிப்பான் தொகுதியைத் தேர்ந்து, அறை விளக்கை அணைத்து, ஒளிமூலத்தை மிகக் குறைந்த அளவில் திறந்தால், பசுங்கணிகங்கள் கருமையின் நடுவே சிவந்த புள்ளிகளாகத் தோன்றும். ஒன்றுமே தெரியாவிட்டால் விளக்கின் ஒளியைக் கூட்டுவதற்கு முன் வெளியீட்டு வடிப்பானைப் பார்க்க வேண்டும்: பச்சை ஒளியை மட்டும் விடும் வடிப்பான் பொருத்தியிருந்தால் பச்சையத்தின் சிவப்பு அதைக் கடக்காது, பச்சைக்கு மேற்பட்ட நீண்ட அலைநீளங்கள் அனைத்தையும் விடும் வடிப்பானே இங்கு தேவை.

விலங்குச் செல்லில் நிலைமை வேறு. மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஃபிளேவின் மூலக்கூறுகள் நீல ஒளியில் மெல்லிய பச்சையாக ஒளிரும். என்ஏடிஎச் என்னும் மூலக்கூறு 340 முதல் 360 நானோமீட்டர் புறஊதா ஒளியை ஏற்று நீலமாக ஒளிரும். இரண்டும் மிக மங்கலானவை. புறஊதா ஒளியோ செல்லையே சிதைப்பது. வளர்ப்பு ஊடகத்தில் நிறங்காட்டியாகச் சேர்க்கும் ஃபீனால் ரெட் தானும் ஒளிர்ந்து பின்னணியை வெளுப்பிப்பதால், அது சேராத ஊடகத்துக்கு மாற்றிய பிறகே காண வேண்டும். சாயமிடாத வளர்ப்பில் ஒரு செல் மட்டும் பளிச்சென்று ஒளிர்ந்தால், அது பெரும்பாலும் இறந்துகொண்டிருக்கும் செல் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உடனொளிர் நுண்ணோக்கியில் ஹைட்ரில்லாவின் மேலடுக்குப் பசுங்கணிகங்களைச் சுற்றிச் சிவப்பு மூட்டம் தங்கிவிடும். அது கீழடுக்கிலிருந்து வரும் குவியம் சேராத ஒளி. கான்ஃபோகல் நுண்ணோக்கிக்கு வேலை தொடங்குவது இங்கேதான். மார்வின் மின்ஸ்கி 1957இல் காப்புரிமை கோரிய இந்த அமைப்பின் கருத்துப்படி, ஒளியை ஒரே புள்ளியில் குவித்து, அப்புள்ளியிலிருந்து திரும்பும் ஒளி மட்டும் உணர்விக்கு முன்னுள்ள ஊசித்துளையில் நுழையுமாறு செய்தால், மேலும் கீழும் இருந்து வரும் ஒளி தடுக்கப்படும். இன்றைய கருவிகளில் லேசர் புள்ளி வரிவரியாக நகர்ந்து படிமத்தை நிரப்புகிறது.

488 நானோமீட்டர் லேசரை மிகக் குறைந்த திறனில் வைத்து, 650 முதல் 720 நானோமீட்டர் வரையிலான ஒளியை மட்டும் உணர்விக்கு அனுப்பி, ஊசித்துளையை ஓர் ஏரி அலகுக்கு, அதாவது ஒரு புள்ளியின் படிமமாக விழும் ஒளிவட்டின் விட்டத்துக்கு, அமைக்க வேண்டும். நீரில் அமிழ்ந்து செயல்படும் உயர்திறன் பொருளருகு வில்லையில் இவ்வாறு கிடைக்கும் ஒளிச்சீவலின் தடிப்பு சுமார் 1 மைக்ரோமீட்டர். எண்ணெய் வில்லையில் ஆழம் கூடக்கூட எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடு படிமத்தைக் கலைக்கும் என்பதால், ஈரமான உயிர்ப்பொருளுக்கு நீர் வில்லையே நல்லது.

பழகாதவர் கை வழுவுவது நேரத்தைக் கையாள்வதில்தான். 100 மைக்ரோமீட்டர் பரப்பை ஒரு நொடியில் வருடுவதாகவும், பசுங்கணிகம் நொடிக்கு 5 மைக்ரோமீட்டர் ஓடுவதாகவும் கொள்வோம். 5 மைக்ரோமீட்டர் அகலமுள்ள பசுங்கணிகத்தை லேசர் கடக்க நொடியில் இருபதில் ஒரு பங்கே ஆகும். அதற்குள் அது கால் மைக்ரோமீட்டர் மட்டுமே நகர்வதால் வடிவம் கெடாது. ஆனால் இரைச்சலைக் குறைக்கும் பொருட்டு எட்டுப் படங்களின் சராசரியை எடுத்தால், எட்டு நொடிகளில் அது 40 மைக்ரோமீட்டர் நகர்ந்து, படிமத்தில் வெறும் சிவப்புப் பட்டையாகத் தேய்ந்துவிடும். ஆழ அடுக்குகளைப் பதியும்போதும் இதே சிக்கல் எழும்: 20 ஒளிச்சீவல்களுக்கு 20 நொடி ஆனால், ஒரே பசுங்கணிகம் வெவ்வேறு அடுக்குகளில் வெவ்வேறு இடங்களில் தோன்றி, எண்ணிக்கையைப் பொய்யாக்கும். ஆகவே ஓட்டத்தை அளக்க ஒரே ஆழத்தில் சராசரியின்றித் தொடர் படங்களையும், அடுக்கமைப்பை அறிய ஓட்டம் தொடங்காத இலையில் ஆழ வரிசையையும் தனித்தனியே எடுப்பதே முறை.

லேசர் செல்லைத் துன்புறுத்துகிறதா என்பதையும் இலையே காட்டிக்கொடுக்கும். வலிய நீல ஒளி பட்டால் பசுங்கணிகங்கள் ஒளிக்கு நேரான முகப்பைவிட்டுப் பக்கச் சுவர்களை நோக்கி ஒதுங்கும். கேடு முற்றினால் ஓட்டம் நின்றுவிடும். வருடிய பகுதியையும் வருடாத பக்கத்துச் செல்களையும் மங்கலான வெள்ளொளியில் ஒப்பிட்டு, இரண்டிலும் ஓட்டம் ஒத்திருந்தால் மட்டுமே அளவீட்டை ஏற்க வேண்டும். ஒதுங்குதல் தெரிந்தால் திறனைக் குறைக்க வேண்டும். 633 அல்லது 640 நானோமீட்டர் சிவப்பு லேசர் இருந்தால் அதற்கு மாறுவது இன்னும் நல்லது, ஏனெனில் பச்சையம் அதையும் ஏற்று ஒளிரும், ஒதுங்குதலையோ நீல ஒளியே வலுவாகத் தூண்டுகிறது.

கான்ஃபோகல் கருவியில் ஒளிர்வுப் படத்தோடு சேர்த்து ஊடுகடந்த ஒளியாலான சாம்பல் நிறப் படமும் பதிவாவதுண்டு. அந்த ஒளி ஊசித்துளை வழியே செல்வதில்லை என்பதால் அது ஒளிச்சீவல் ஆகாது. அதன்மேல் ஒளிர்வுப் படத்தை ஏற்றி, இரண்டும் ஒரே தளத்தைச் சேர்ந்தவை என்று கொள்வது தவறு. தடித்ததாகவும் தானே ஒளிராததாகவும் உள்ள விலங்குத் திசுவில் இந்த மூன்று முறைகளும் சாயமின்றித் தரக்கூடியது மிகச் சொற்பமே. அங்கே 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஜெல்லிமீனிலிருந்து பிரித்தெடுத்த பச்சை ஒளிர் புரதத்தைச் செல்லே உண்டாக்குமாறு மரபணுவைச் சேர்ப்பது வழக்கம். சாயம் ஏதும் சேர்க்கப்படாவிட்டாலும் அந்தச் செல் மாற்றப்படாத செல் ஆகாது என்பதைப் படத்தின் கீழ் தவறாமல் குறிப்பிட வேண்டும்.