ஈவுத்தொகை: பெருக்கும் வழியும் ஏமாற்றும் விகிதமும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ ஆவடியின் தளவாடத் தொழிற்சாலைகளிலோ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெறுகிற ஒருவர், பி.எஃப். பணமும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்த பிறகு, வங்கி வட்டியைவிடச் சற்று அதிகமாக ஏதேனும் கிடைக்காதா என்ற உத்தேசத்துடன் பங்குச் சந்தையின் பக்கம் திரும்பும்போது, அவர் கண்ணில் முதலில் படுவது ‘டிவிடெண்ட் யீல்ட்’ என்னும் ஈவு விகிதந்தான். எட்டு, பத்து, பதினொன்று என்று விகிதம் உயர உயர ஆசையும் உயர்வது இயல்பு. ஆனால் ஈவுத்தொகையை மீண்டும் முதலீடு செய்து பெருக்க நினைக்கிறவர், அதற்குள்ள வழிகளில் எது தமக்கு அனுகூலமானது என்பதையும், எந்த விகிதத்தை நம்பலாகாது என்பதையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

பெருக்கத்தின் கணக்கு

நூறு ரூபாய் விலையுள்ள ஆயிரம் பங்குகள் ஒருவரிடம் இருப்பதாகவும், கம்பெனி ஆண்டுதோறும் பங்குக்கு நான்கு ரூபாய் கொடுப்பதாகவும், எளிமைக்காக விலை மாறாமலே நிற்பதாகவும் வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு கிடைத்த 4,000 ரூபாய்க்கு 40 பங்குகள் வாங்கினால், மறு ஆண்டு 1,040 பங்குகளுக்கு 4,160 ரூபாய் வரும். அதற்கு 41 பங்குகள் வாங்கி, மிச்சம் அறுபது ரூபாயை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். இப்படியே இருபது ஆண்டுகள் விடாமல் செய்தால், கைக்காசு ஒன்றும் போடாமலே பங்குகள் ஏறத்தாழ 2,190 ஆகிவிடும். ஈவுத்தொகையைச் செலவழித்துவிட்டவரிடமோ அதே ஆயிரம் பங்குகள்தாம் இருக்கும்.

இந்தக் கணக்கில் வரியைச் சேர்க்கவில்லை. 2020ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு ஈவுத்தொகை, பெறுகிறவருடைய வருமானத்தோடு சேர்ந்து, அவரவர் வரம்புக்கேற்ற வரிக்கு உட்படுகிறது. முப்பது சதவீத வரம்பில் இருப்பவர், செஸ்ஸையும் கட்டிய பிறகு மிஞ்சியதை மட்டுமே மறுமுதலீடு செய்ய முடியுமாதலால், அவரிடம் இருபது ஆண்டு முடிவில் சுமார் 1,720 பங்குகளே இருக்கும். வரி ஒவ்வோர் ஆண்டும் வேரிலேயே வெட்டுவதால் குறைவு இவ்வளவு பெரிதாகிறது.

மூன்று வழிகள்

அமெரிக்காவில் பல கம்பெனிகள், பங்குதாரருக்கு வரவேண்டிய ஈவுத்தொகையைப் பணமாகத் தராமல், முழுப் பங்காகவும் பின்னப் பங்காகவும் அவர் கணக்கிலேயே சேர்த்துவிடும் திட்டத்தை நெடுங்காலமாக நடத்திவருகின்றன. நம் நாட்டில் அது வழக்கமில்லை. பின்னப் பங்கு வாங்கவும் இயலாது. ஆகவே நேரடியாகப் பங்கு வைத்திருப்பவர், வங்கிக் கணக்கில் ஈவுத்தொகை வந்து விழுந்ததும் தாமே டீமேட் கணக்கு வழியாக வாங்கிச் சேர்ப்பதுதான் முதல் வழி. ஒரே கம்பெனியிலிருந்து ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வந்தால் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாதவர் ரிட்டர்ன் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். இவ்வழியின் விசேஷம், வந்த பணத்தை அதே கம்பெனியில்தான் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லாமையே.

இரண்டாவது, மியூச்சுவல் ஃபண்டில் முன்பு ‘டிவிடெண்ட் ரீஇன்வெஸ்ட்மெண்ட்’ என்று அழைக்கப்பட்டு, செபியின் உத்தரவால் 2021 ஏப்ரல் முதல் ‘ஐ.டி.சி.டபிள்யூ. மறுமுதலீடு’ என்று பெயர் மாறிய வழி. 50 ரூபாய் என்.ஏ.வி. உள்ள ஆயிரம் யூனிட்டுகளுக்கு யூனிட்டுக்கு 5 ரூபாய் வழங்கினால், அன்றே என்.ஏ.வி. 45 ஆகக் குறையும்; 5,000 ரூபாய்க்கு 111 யூனிட்டுகளும் சொச்சமும் வரும். கூட்டிப் பார்த்தால் அதே 50,000 ரூபாய்தான். யூனிட்டுகள் பெருகியது உண்மை, சொத்து பெருகவில்லை. அந்த 5,000 ரூபாய்க்கு வரி மட்டும் வந்து சேர்கிறது.

மூன்றாவது, அதே ஃபண்டின் ‘குரோத்’ வழி. இதில் ஒன்றும் வழங்கப்படுவதில்லை. ஃபண்டுக்கு வரும் ஈவுத்தொகை உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. விற்கும்போதுதான் வரி, பங்கு ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஓர் ஆண்டின் லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டும் 12.5 சதவீதம். கம்பெனிகளிலும் இத்தகையவை உண்டு. அம்பத்தூரில் சைக்கிளும் ஆவடியில் எஃகுக் குழாயும் செய்து வளர்ந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், ஆயிரக்கணக்கான ரூபாய் விலையுள்ள ஒரு பங்குக்கு ஆண்டில் 3.50 ரூபாய் அளவே கொடுத்துவந்திருக்கிறது, 2020இல் சி.ஜி. பவர் கம்பெனியைக் கையகப்படுத்தியதுபோலப் பணத்தைப் புதிய தொழில்களில் இறக்குவதே அதன் போக்கு. அந்த மறுமுதலீடு நன்றாக நடக்கிறவரை, குறைந்த ஈவு விகிதம் ஒரு குறையாகாது.

மணலி தரும் பாடம்

ஈவு விகிதம் என்பது கடந்த பன்னிரண்டு மாதத்து ஈவுத்தொகையை இன்றைய விலையால் வகுத்து வருவது. தொகை பழையது, விலை புதியது. இவ்விரண்டின் கால வேறுபாட்டில்தான் பொறி இருக்கிறது.

மணலியில் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் சென்னை பெட்ரோலியம் கம்பெனி, 2,700 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் ஈட்டிய 2023-24ஆம் ஆண்டுக்குப் பங்குக்கு 55 ரூபாய் வழங்கிற்று. அதன் பிறகு கச்சா எண்ணெய்க்கும் பெட்ரோல், டீசலுக்கும் இடையிலுள்ள விலை இடைவெளி சுருங்கியதால் லாபம் வெகுவாக வற்றியது. 2025 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பங்கின் விலை 500 ரூபாய்க்குக் கீழே இறங்கியது. அப்போது கணக்கிட்டால் விகிதம் 11 சதவீதம். அதை நம்பி ஒரு லட்ச ரூபாய்க்கு 200 பங்குகள் வாங்கியவர் 11,000 ரூபாயை எதிர்பார்த்திருப்பார். 2024-25ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்டதோ பங்குக்கு 5 ரூபாய். அவர் கைக்கு வந்தது ஆயிரம். மறுமுதலீடு செய்ய நினைத்திருந்தால் இருபதுக்கு மேற்பட்ட பங்குகளுக்குப் பதில் ஒன்றிரண்டுதான் வாங்கியிருக்க முடியும். பங்கின் விலை பின்னர் மீண்டது. ஆயினும் வருமானத்துக்காக வாங்கியவருக்கு வருமானம் வரவில்லை என்பது மாறாது.

இதில் கம்பெனி லாபத்தை மீறி வாரி வழங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 55 ரூபாய் என்பது அவ்வாண்டு லாபத்தில் ஏறத்தாழ 30 சதவீதமே. லாபமே ஏறி இறங்கும் சுபாவமுடையது. 2019-20இல் அதே கம்பெனி இரண்டாயிரம் கோடிக்கு மேல் நஷ்டப்பட்டிருந்தது. ஆகையால் எண்ணெய், உலோகம், சர்க்கரை போன்ற தொழில்களில், ஓர் ஆண்டின் விகிதத்தை விட்டுவிட்டுப் பத்தாண்டு ஈவுத்தொகையின் சராசரியை இன்றைய விலையால் வகுத்துப் பார்ப்பதே உத்தமம்.

லாபத்தை மீறி வழங்குவது இன்னொரு வகை. வேதாந்தா கம்பெனி 2022-23இல் ஐந்து தவணைகளாகப் பங்குக்கு 101.50 ரூபாய் வழங்கியது. அது பங்குதாரருக்குரிய அவ்வாண்டு லாபத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். கடன் சுமையிலிருந்த தாய்க் கம்பெனிக்குப் பணம் தேவைப்பட்ட காலம் அது. மறு ஆண்டு வந்தது 29.50 ரூபாய். ஒரு பங்குக்குரிய லாபத்தையும் ஒரு பங்குக்குக் கொடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இது புலப்பட்டுவிடும்.

எதைத் தேர்வது

இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சம்பளம் வாங்கப்போகிறவர், அதிலும் உயர்ந்த வரி வரம்பில் இருப்பவர், குரோத் வழியை எடுப்பதே சிலாக்கியம். ஐ.டி.சி.டபிள்யூ. மறுமுதலீட்டை வரி கட்டுகிற எவரும் தேர்வதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. வரி கட்டவேண்டாத அளவு வருமானமுள்ள ஓய்வுபெற்றவருக்கு, நிதானமான ஈவுத்தொகை தரும் சில கம்பெனிகளின் பங்குகளை நேரடியாக வைத்துக்கொண்டு, வேண்டியபோது செலவழித்து, வேண்டாதபோது வாங்கிச் சேர்ப்பது பொருந்தும். ஆனால் மறுமுதலீடு நல்ல கம்பெனியின் விருத்தியைப் பெருக்குவதுபோலவே, தேயும் கம்பெனியின் நஷ்டத்தையும் பெருக்கும். ஆதலால் ஒவ்வொரு முறை ஈவுத்தொகை வரும்போதும், இன்று புதிதாக வாங்குவதானால் இந்தப் பங்கை வாங்குவேனா என்று கேட்டு, ஆம் என்றால் மட்டும் அதிலேயே போடவேண்டும்.