பழைய பைக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

கேள்வி: 2017-இல் பதிவான 100 சிசி பைக்குக்கு 45,000 ரூபாய் கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: அதிகம். முதலில் இரண்டு டீலர்களிடம் கேளுங்கள். அதே மாடலை வாங்கப் போவதுபோல் ஒரு விலை, விற்கப் போவதுபோல் ஒரு விலை. 42,000, 32,000 என்று வந்தால் நேரடியாகக் கைமாறும் வண்டிக்கு நடுவில் உள்ள 37,000தான் பொருத்தம். டயர், செயின் செட் மாற்ற மெக்கானிக் 5,000 சொன்னால் அதையும் கழியுங்கள். 32,000.

ஆர்.சி. 15 ஆண்டுக்குத்தான், 2032-இல் முடியும். 6 ஆண்டு ஓட்டி 8,000-க்குத் தள்ளினால், ஆண்டுக்கு 4,000 தேய்மானம்.

ஆனால் பெரிய செலவு பெட்ரோலில் ஒளிந்திருக்கும். மாதம் 900 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 60 கொடுக்க வேண்டிய வண்டி 45 கொடுத்தால் மாதம் 5 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,000, தேய்மானத்தையே மிஞ்சிவிடுகிறது! எனவே அரை லிட்டர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. இன்ஜின் வேலை காத்திருக்கிறது. அந்த வண்டியை 32,000-க்கும் வாங்காதீர்கள்.