தேர்வு மாதத்துக்கு மட்டும் வேலை நேரத்தை மாற்றித் தருவார்களா?

கேள்வி: திருத்தணியில் இருசக்கர வாகன உதிரிபாக மொத்த விற்பனை அலுவலகத்தில் இரண்டு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை வேலை. இக்னோவில் எம்.காம். படிக்கிறேன். டிசம்பரில் ஐந்து தாள். தேர்வு மையம் சென்னையில். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்று மேனேஜரிடம் கேட்டேன். "பார்க்கலாம்மா" என்றார். அதற்குமேல் பேச்சு நகரவில்லை. எப்படிக் கேட்பது?
- ஒரு வாசகி, திருத்தணி

பதில்: அந்த மேனேஜர் இன்னும் மறுக்கவில்லை. எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், அப்போது கேஷ் டேலியை யார் பார்ப்பார்கள் என்று எதுவுமே அவரிடம் போய்ச் சேரவில்லை. அதனால் அவரால் சரி என்றும் சொல்ல முடியவில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலேயே நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் தனியார் ஊழியருக்கு அப்படி ஓர் உரிமை கிடையாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நியாயமான எந்தக் காரணத்துக்கும் வருடத்துக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு தருகிறது. தேர்வு நியாயமான காரணம்தான். தீபாவளிக்குள் அந்த விடுப்பு தீர்ந்துவிடாமல் ஐந்து நாளை ஒதுக்கி வைப்பது இந்த வாசகியின் முதல் வேலை. திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னை சென்ட்ரல் போகவே சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். காலைத் தாள் பத்து மணிக்கு. மதியத் தாள் இரண்டு மணிக்கு. எந்த வேளையில் தாள் இருந்தாலும் அன்று அலுவலகம் வர முடியாது. அரை நாள் வருவதாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட முழு நாள் விடுப்பே நல்லது.

மீதி நாட்களுக்கு என்ன செய்வது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "இன்று இரண்டு மணி நேரம் முன்னால் போகிறேன், நாளை இரண்டு மணி நேரம் கூடுதலாக இருந்து ஈடுகட்டுகிறேன்" என்று கேட்கிறார்கள். அதே சட்டப்படி ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம். அதற்கு மேல் போனால் ஓவர்டைம், இரட்டைச் சம்பளம். அந்தச் சுமையை எந்த மேனேஜரும் எளிதில் ஏற்க மாட்டார். அதைவிட, அதே எட்டு மணி நேரத்தை முன்னால் நகர்த்திக் கேட்கலாம்: காலை 7.30 முதல் மாலை 4.30 வரை, நடுவில் வழக்கமான ஒரு மணி நேர இடைவேளை. வேலை நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையாது. வாசகிக்கோ தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. காலை 7.30 மணிக்கு அலுவலகத்தைத் திறப்பது யார்? மாலை 6.30 மணிக்குக் கல்லாவைச் சரிபார்த்துக் கணக்கை முடிப்பது யார்? மேனேஜர் கேட்கும் முன்பே இரண்டுக்கும் பதில் இருக்க வேண்டும். சாவி வைத்திருப்பவரிடமும், மாலைக் கணக்கைப் பார்க்கக்கூடிய சக ஊழியரிடமும் முதலில் பேசிவிட வேண்டும். அந்த ஊழியர் பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அவர் வேலையை இவர் பார்ப்பது என்று பேசிக்கொண்டால் இருவருக்கும் கணக்கு நேராகும்.

அடுத்தது தேதிகள். ஹால் டிக்கெட் தேர்வுக்குச் சில நாள் முன்புதான் வரும். அதுவரை காத்திருந்தால் மேனேஜரால் ஏற்பாடு செய்ய முடியாது. உத்தேச அட்டவணை வந்தவுடனேயே அதை அலுவலகக் காலண்டரின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். கணக்குப் பிரிவில் டிசம்பர் என்றால் டி.டி.எஸ். கட்ட 7-ஆம் தேதி, மாதாமாதம் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் நிறுவனத்தின் விற்பனை விவரத்துக்கு 11, வரித் தாக்கலுக்கு 20. ஒரு தாள் 11-ஆம் தேதி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை விவரத்தை 9-ஆம் தேதியே முடித்துத் தருவதாக அவரே எழுதிக் கொடுத்தால், மேனேஜருக்கு இருக்கும் பெரிய பயம் விலகும். டிசம்பர் 31-ஆம் தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று திருப்படித் திருவிழா. 365 படிகளிலும் பாடிக்கொண்டே ஏறும் பஜனைக் குழுக்களாலும் பக்தர்களாலும் ஊர் நிறைந்துவிடும். அன்று மாலைக்கு எந்த வேலையையும் தள்ளி வைக்கக் கூடாது.

நேரில் பேசிய அன்றே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இவ்வளவு எழுதினால் போதும்: "சார், டிசம்பர் 1 முதல் கடைசித் தேர்வு வரை மட்டும் 7.30 - 4.30 வர அனுமதி வேண்டும். ஐந்து தேர்வு நாட்களுக்கு சி.எல். மாலைக் கணக்கைப் பார்க்க ஆள் பேசியிருக்கிறேன். 11, 20 தாக்கல்களை இரண்டு நாள் முன்பே முடித்துவிடுவேன்." தொடக்கமும் முடிவும் தெரிந்த கோரிக்கைக்குத் தலையசைப்பது எளிது.

மாதம் முழுவதும் முடியாது என்றால், ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய இரண்டு நாட்களுக்கு மட்டும் கேட்கலாம். அதுவும் தயக்கம் என்றால், நவம்பர் கடைசி வாரத்தில் நடத்திப் பார்க்கச் சொல்லலாம். மாலைக் கணக்கு சரியாக முடிகிறதா என்று மேனேஜரே பார்த்துக்கொள்வார். ஹால் டிக்கெட்டில் தேதி ஏதும் மாறியிருந்தால், மேனேஜருக்கும் மாலைக் கணக்கு பார்ப்பவருக்கும் அன்றே தெரிவித்துவிட வேண்டும்.