டெண்டரை ஜெயிக்கவைக்கும் கவரிங் லெட்டர்

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கார்ப்பரேட் சேல்ஸ் டீமில் இருக்கிறீர்கள். ஒரு மாநகராட்சி தன் ஊழியர்களுக்குக் குரூப் ஹெல்த் பாலிசி எடுக்க டெண்டர் விட்டிருக்கிறது. பிரீமியத்தை அண்டர்ரைட்டர் பார்த்துக்கொள்வார். கவரிங் லெட்டர் உங்கள் தலையில் விழும். பலர் பழைய ஃபைலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றி அனுப்புகிறார்கள். அங்கேதான் நீங்கள் முந்த வேண்டும்.

1. முதல் பத்தியில் கம்பெனி வரலாறு வேண்டாம். டெண்டர் எண், தேதி, எந்த கவரில் என்ன இருக்கிறது, ஆஃபர் எத்தனை நாள் செல்லும், கையெழுத்திடுபவரின் அதிகாரப் பத்திரம் எந்தப் பக்கத்தில் உள்ளது, இவ்வளவு போதும். டெக்னிக்கல் கவருக்குள் போகும் லெட்டரில் பிரீமியம் பற்றி ஒரு எண்கூட வரக்கூடாது. விலைப்புள்ளி வெளியே தெரிந்தால் பிட் தள்ளுபடி ஆகிவிடும். “எங்கள் வழக்கமான பாலிசி விதிகளுக்கு உட்பட்டு” என்ற வரியும் ஆபத்து. அதை நிபந்தனை என்று படித்து ஒதுக்கிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் பிரீ-பிட் மீட்டிங்கிலேயே எழுத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

2. இனி சர்வீஸ். “ஒரு மணி நேரத்தில் கேஷ்லெஸ் அனுமதி” என்று பெருமையாக எழுதாதீர்கள். 2024-இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட மாஸ்டர் சர்க்குலர்படி அட்மிஷனுக்கு ஒரு மணி நேரத்துக்குள், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அது எல்லோருக்கும் பொதுவான விதி. கமிட்டி தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: இந்த ஊரின் கூட்டத்தைச் சமாளிக்க உங்களிடம் ஆள் இருக்கிறதா?

அதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்கள். டெண்டர் ஆவணத்தோடு பழைய க்ளைம் விவரம் கொடுத்திருந்தால் அதுவே உங்கள் மூலதனம். ஒரு பேச்சுக்கு, 6,000 ஊழியர்கள், குடும்பத்தோடு 24,000 பேர், போன வருடம் 1,460 க்ளைம் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக ஒரு நாளைக்கு நான்கு. ஆனால் ஒரு கேஸ் உங்கள் டெஸ்க்குக்குக் குறைந்தது இரண்டு முறை வரும்: சேரும் அன்று பிரீ-ஆத், வீட்டுக்குப் போகும் அன்று இறுதி பில். நடுவில் தொகையைக் கூட்டிக் கேட்டால் மூன்று. ஆக ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு ஃபைல்; டெங்கு பரவும் மாதத்தில் இது இரட்டிப்பானால் என்ன செய்வீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கணக்குக்குக் கீழே, “இதற்கென இரண்டு டாக்டர்கள் ஷிஃப்ட் முறையில், ஞாயிறு உட்பட, மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு ஹெல்ப் டெஸ்க் ஆள்” என்று எழுதினால் அந்த வரிக்கு எடை வருகிறது. வேலையை டிபிஏ செய்யப்போகிறது என்றால் அதன் பெயரையும், தவறினால் பொறுப்பு உங்களுடையதே என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

3. ஊழியர் யார் என்று யோசியுங்கள். தூய்மைப் பணியாளர் விடியற்காலையிலேயே மஸ்டரில் கைநாட்டோ கையெழுத்தோ போட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர். ஆப்பில் இ-கார்டு டவுன்லோட் செய்யச் சொன்னால் அவருக்கு உதவாது. வார்டு அலுவலகத்தில் மஸ்டர் நேரத்திலேயே அச்சிட்ட கார்டு கொடுப்போம், ஆதாரிலும் சர்வீஸ் பதிவேட்டிலும் பெயர் வேறுபட்டால் அங்கேயே திருத்துவோம் என்று எழுதுங்கள். பெயர்க் கோளாறால் அட்மிஷன் கவுன்டரில் நிற்கிற குடும்பம்தான் பிறகு யூனியன் அலுவலகத்துக்குப் போகும். இது கமிஷனருக்கும் தெரியும்.

4. ஆஸ்பத்திரிப் பட்டியலை நாடு முழுக்க எத்தனை ஆயிரம் என்று விளம்பரம் செய்யாமல், மண்டலவாரியாகப் பிரித்து இணையுங்கள். இணைக்கும் முன் ஒவ்வொன்றுக்கும் போன் செய்யுங்கள். நான் ஒருமுறை செய்யவில்லை. டெக்னிக்கல் கூட்டத்தில் ஒரு அதிகாரி எங்கள் பட்டியலில் ஒரு பெயரைச் சுட்டிக்காட்டி, ஸ்பீக்கரில் போட்டு அந்த ஆஸ்பத்திரியின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கைக் கேட்டார். “அந்த கம்பெனி கேஷ்லெஸ் நிறுத்தி மூணு மாசம் ஆச்சு சார்” என்று பதில் வந்தது. பிறகு நாங்கள் சொன்ன எந்த எண்ணையும் அந்த மேஜையில் யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

5. உங்கள் க்ளைம் எண்களை நீங்கள் தேர்ந்தெடுத்து அழகுபடுத்த முடியாது. எத்தனை க்ளைம் எவ்வளவு நாளில் தீர்ந்தது என்பது ஒவ்வொரு காலாண்டும் உங்கள் கம்பெனி வெப்சைட்டிலேயே பொது வெளியீடாக இருக்கிறது. போட்டி கம்பெனி அதை எடுத்துக் கமிட்டியிடம் கொடுக்கும். லெட்டரில் அதே எண்ணைப் போடுங்கள். அது மோசமாக இருந்தால், என்ன மாற்றினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

6. கையெழுத்துக்கு அனுப்பும் முன் டிராஃப்டை க்ளைம்ஸ் மேனேஜரிடம் கொடுங்கள். லெட்டரில் உள்ள வாக்குறுதி ஒப்பந்தத்தில் அப்படியே ஏறும், தவறினால் அபராதத்தோடு. அவர் “ஞாயிறுக்கு ஆள் இல்லை” என்று பேனாவால் அடித்தால், முதலில் ஆளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடியாவிட்டால் அந்த வார்த்தையை எடுத்துவிடுங்கள்.